பாக்கெட்டுக்குள் ஒரு கை: பேன்ட்டை மாற்றும்போது விரல்களைக் காப்பாற்றுவதா, புதிதாக வரைவதா?

ஒரு முழு உருவப் படம். நிற்பவரின் இடது கை ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் பாதி போயிருக்கிறது, கட்டைவிரல் மட்டும் வெளியே. வலது கை தொடைக்கு முன்னால் ஒரு போனைப் பிடித்திருக்கிறது. இந்த ஜீன்ஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் சாம்பல் நிற ஃபார்மல் பேன்ட் வர வேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, படம் வரையும் ஒரு ஏஐ மாடலில் இன்பெயின்டிங் செய்து, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் புதிதாக வரையச் செய்து, மாற்றப் போகிறோம். பேன்ட் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே சுமாராக வந்துவிடும். கைதான் கெடும்: மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது போல ஒரு கை, துணிக்கு மேலே முளைத்த நாலு விரல், போனோடு உருகி ஒட்டிய கட்டைவிரல்.

இதற்கு நாலு வழிகள் உண்டு. துணியின் நிறத்தை மட்டும் மாற்றுவது, கையை அப்படியே வைத்துக்கொண்டு பேன்ட்டை மட்டும் வரையச் செய்வது, கையையும் சேர்த்துப் புதிதாக வரையச் செய்வது, அதே ஆளின் வேறொரு படத்திலிருந்து கையை எடுத்து ஒட்டுவது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மாடலைப் பொறுத்த விஷயம் அல்ல. கையும் துணியும் எந்த விளிம்பில் சந்திக்கின்றன, அங்கே எது மேலே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு வகை விளிம்புகள்

போன் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். அதன் எல்லாப் பக்கமும் கை முன்னால் இருக்கிறது, துணி பின்னால் இருக்கிறது. பின்னால் இருப்பதை மாற்றினால் முன்னால் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

பாக்கெட்டில் இருக்கும் கை அப்படி இல்லை. மணிக்கட்டின் பக்கவாட்டிலும் கட்டைவிரலைச் சுற்றியும் கை துணிக்கு முன்னால் இருக்கிறது. பாக்கெட்டின் வாய்க்கு வந்ததும் இது தலைகீழாகிறது. அங்கே துணி முன்னால், கை பின்னால். அந்த வாயின் விளிம்போ நாம் தூக்கி எறியப் போகும் ஜீன்ஸுக்குச் சொந்தமானது. கை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குச் சொல்வதே அந்தக் கோடுதான். கோடு போனதும் கைக்கு முடிவு இல்லாமல் போகிறது. மாடல் அந்த இடத்தை ஏதாவது ஒன்றால் நிரப்பியாக வேண்டும், அதனால் விரல்களை முளைக்கச் செய்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் நாலு வழிகளையும் எடைபோடுவது எளிது.

நிறம் மட்டும் மாற்றுவது

நீல ஜீன்ஸ் கறுப்பு ஜீன்ஸ் ஆக வேண்டும் என்றால் இதுவே போதும். வேறு வழிகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேன்ட்டுக்கு ஒரு மாஸ்க் போட்டு, அதாவது மாற்ற வேண்டிய பகுதியை மட்டும் குறித்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் லேயர்களை மேலே வைத்தால் வேலை முடிந்தது. பாக்கெட் வாய், மடிப்பு, விரல்கள் உள்ளே தள்ளும் மேடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வெட்டும் தையலும் மாறாது. ஜீன்ஸின் இரட்டைத் தையலையும் ரிவெட்டையும் வைத்துக்கொண்டு அதை ஃபார்மல் பேன்ட் என்று சொல்ல முடியாது. நம் படத்துக்கு இது உதவாது.

கையை வைத்துக்கொண்டு துணியை மட்டும் வரைவது

பெரும்பாலான படங்களுக்கு என் தேர்வு இதுதான். ஆனால் பலரும் செய்வது போல பேன்ட்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஒரே தடவையில் ஓட்டினால் இது தோற்கும். அளவிலிருந்து தொடங்குவோம்.

படத்தின் உயரம் 2400 பிக்சல், அதில் நிற்பவர் ஏறக்குறைய 2000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அவர் 170 செ.மீ. உயரம் என்றால் ஒரு செ.மீ.க்கு சுமார் 12 பிக்சல் கிடைக்கும். ஒரு விரலின் அகலம் சுமார் 20 பிக்சல். இந்தப் படத்தை முழுதாக 1024 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி மாடலுக்குக் கொடுத்தால் விரல் எட்டு ஒன்பது பிக்சலாகிவிடும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் போன்ற மாடல்கள் படத்தை நேராகப் பார்ப்பதில்லை. 8×8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. ஆக ஒரு விரலுக்கு ஒரே ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் நகம், மூட்டு, விரலின் இரு ஓரம் மூன்றையும் வைக்க முடியாது. விரல்கள் உருகுவதற்கு மாடலின் அறியாமையைவிட இந்த இடப் பற்றாக்குறையே பல நேரங்களில் காரணம்.

அதனால் முதலில் க்ராப். இடுப்பைச் சுற்றி 600×600 பிக்சல் சதுரத்தை வெட்டி 1024க்கு உயர்த்தினால் விரல் 34 பிக்சல் ஆகும், அதாவது நாலு கட்டங்கள். இன்னும் இறுக்கமாக வெட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். 600 பிக்சல் என்றால் சுமார் அரை மீட்டர். முழங்கையிலிருந்து பாக்கெட்டின் அடி வரை அதில் அடங்கும். முழங்கை தெரியாவிட்டால் இது எந்தப் பக்கத்துக் கை, எந்தக் கோணத்தில் வருகிறது என்று மாடலுக்குத் தெரியாது. இந்த மாடல்களை ஓட்டும் செயலியான ஆட்டோமேட்டிக்1111-இல் `Only masked` தேர்ந்தெடுத்தால் இந்த வெட்டலை அதுவே செய்யும். ஆனால் `Only masked padding, pixels` இயல்பாக 32-இல் இருக்கும். கைக்கு அது போதாது, முழங்கை உள்ளே வரும் வரை கூட்டுங்கள்.

அடுத்தது மாஸ்க். கையைத் தொடாமல் ஓரமாக விட்டு மாஸ்க் போடுவதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். விளைவு, விரல்களைச் சுற்றி பழைய நீலத் துணி ஒரு மெல்லிய கோடாக மிஞ்சும். அதைப் பார்த்த மாடல் புதிய துணியிலும் அந்த நீலத்தைத் தொடரப் பார்க்கும். எனவே மாஸ்க் தோலின் மேல் மூன்று நாலு பிக்சல் ஏறியே இருக்கட்டும். விரல்களுக்கு இடையே தெரியும் சின்ன முக்கோணங்களையும் மறக்காமல் மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறமாகி அந்த முக்கோணத்தில் மட்டும் நீலம் மிஞ்சிய படங்கள் ஏராளம்.

தோலின் மேல் ஏறினால் தோல் கெடுமே? கெடட்டும். வரைந்து முடித்த பிறகு அசல் படத்தின் கையைத் தனி லேயராக மேலே வைக்கப் போகிறோம். கையை மிச்சமில்லாமல் மீட்பது அந்த லேயர்தான். மாஸ்க்குக்கு வெளியே இருப்பதுகூட சுருக்கி விரிக்கும்போது கொஞ்சம் மாறிவிடும். அதுபோன்ற இன்னொரு செயலியான கம்ஃபியூஐ பயன்படுத்துபவர்கள், சுருக்கிய கட்டங்களைப் படமாக விரிக்கும் `VAE Decode` கொடுக்கும் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் முகம்கூட லேசாக மாறியிருக்கும். `ImageCompositeMasked` வைத்து அசலைத் திரும்ப ஒட்டுவது அங்கே கட்டாயம்.

இனி பாக்கெட் வாய். கை லேயர் எல்லா இடத்திலும் துணிக்கு மேலே இருக்கலாம், இந்த ஒரு கோட்டில் மட்டும் கூடாது. இங்கே கை லேயரை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் இந்த வழியின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. புதிய பாக்கெட்டின் கோடு பழைய கோட்டை விட மணிக்கட்டுப் பக்கமாக அமைந்தால் கவலை இல்லை. அசலில் தெரிந்த புறங்கையில் கொஞ்சம் மறைகிறது, அவ்வளவுதான். கோடு விரல் நுனிப் பக்கமாகப் போனால் அசலில் ஜீன்ஸுக்குள் ஒளிந்திருந்த தோல் வெளியே தெரிந்தாக வேண்டும். அந்தத் தோல் நம்மிடம் இல்லை. அந்த நிமிடமே நாம் 'கையை வரைவது' என்ற அடுத்த வழிக்குள் நுழைந்துவிட்டோம். ஆகவே புதிய கோட்டைப் பழைய கோட்டிலோ அதற்கு மேலேயோ வையுங்கள்.

ஜீன்ஸின் பாக்கெட் வாய் வளைவாக, மேல் பார்த்து இருக்கும். ஃபார்மல் பேன்ட்டின் க்ராஸ் பாக்கெட் இடுப்புப் பட்டையில் தொடங்கிப் பக்கத் தையலை நோக்கிச் சாய்வாக இறங்கும். இரண்டும் புறங்கையை வேறு வேறு கோணத்தில் வெட்டும். மாடல் இதைத் தானாகச் சரியாகப் போடும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் சுற்றில், பழையதை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength`-ஐ 1-இல் வைத்துப் பேன்ட் முழுவதையும் வரையச் செய்யுங்கள். அப்புறம் சாய்வுக் கோட்டை ஒரு பிரஷ்ஷால் நீங்களே கறுப்பாகக் கிறுக்கி, அதைச் சுற்றிய பட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, `Masked content` என்பதை `original`-இல் வைத்து, `Denoising strength`-ஐ 0.4 முதல் 0.5 வரை குறைத்து இரண்டாவது சுற்று ஓட்டுங்கள். கிறுக்கிய கோடு தையலாகவும் விளிம்பு நிழலாகவும் மாறும். இடமும் நீங்கள் சொன்ன இடமாகவே இருக்கும்.

இந்த இரண்டு சுற்றுக்கும் ப்ராம்ப்ட்டில் கை என்ற பேச்சே வரக் கூடாது. துணி, நிறம், ப்ளீட், பாக்கெட் இவற்றை மட்டும் எழுதுங்கள். வரைய வேண்டிய பகுதிக்குள் கை இல்லாதபோது கையைப் பற்றி எழுதினால் மாடல் இன்னொரு கையைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

துணிக்குள் இருக்கும் விரல்கள்

கை சரியாக இருந்தும் படம் பொய்யாகத் தெரிந்தால் பாக்கெட்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே துணி தட்டையாக இருக்கும். கை உள்ளே போயிருக்கிறது, ஆனால் உள்ளே எதுவுமே இல்லை! மணிக்கட்டு வெட்டுப்பட்டது போன்ற உணர்வு வருவது இதனால்தான்.

மேடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். வளர்ந்தவரின் கை மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை சுமார் 19 செ.மீ. நம் படத்தில் பாக்கெட் வாய் புறங்கையின் நடுவில், அதாவது மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி வெட்டுகிறது. மீதி 14 செ.மீ. உள்ளே இருக்கிறது. அசல் படத்தின் அளவில் அது சுமார் 170 பிக்சல். விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தால் இதைவிடக் குறையும். மேடு 60 பிக்சலில் முடிந்தால் விரல் இல்லாத கை, முழங்கால் வரை நீண்டால் அதைவிட மோசம்.

இந்த மேட்டைப் பெற எளிய வழி பழைய ஜீன்ஸிடமிருந்தே கடன் வாங்குவது. எது அருகில், எது தொலைவில் என்று காட்டும் டெப்த் மேப்பை அசல் படத்திலிருந்து எடுத்து, அதில் பாக்கெட் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாஸ்க்கால் நீக்கிவிட்டு, மாடலுக்கு வடிவத்தை வழிகாட்டும் கண்ட்ரோல்நெட் வழியாக முதல் சுற்றிலேயே கொடுங்கள். முழு டெப்த் மேப்பையும் கொடுத்தால் புதிய பேன்ட் பழைய ஜீன்ஸின் இறுக்கமான காலிலேயே மாட்டிக்கொள்ளும். `Ending Control Step` 0.5 அளவில் நிறுத்தினால் மேட்டின் வடிவம் பதிந்துவிடும், மடிப்புகளைப் பிற்பாதியில் மாடல் தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளும்.

கடைசியாக நிறத் தெறிப்பு. நீலத் துணி தன் நீலத்தைக் கட்டைவிரலின் ஓரத்தில் கொஞ்சம் அடித்திருக்கும். சாம்பல் துணியின் மேல் அந்த நீல ஓரம் ஒட்டவைத்தது போலத் தெரியும். கை லேயரின் ஓரத்தில் மட்டும் நீலத்தைக் குறைத்து, கட்டைவிரலுக்கு அடியில் துணிமேல் மெல்லிய கருநிழல் ஒன்றை வைத்தால் கை துணியில் உட்காரும். நிழல் இல்லாத கை மிதக்கும்.

கையையும் சேர்த்து வரையச் செய்வது

இது தேவைப்படும் இடங்கள் உண்டு. புதிய உடை பாக்கெட்டே இல்லாத லெக்கிங்ஸ் என்றால் கை வெளியே வந்தே ஆக வேண்டும். மறைந்திருந்த நாலு விரல்களையும் யாராவது வரைந்தாக வேண்டும். இறுக்கமான ஜீன்ஸ் மிகத் தளர்வான பேன்ட் ஆகும்போதும் துணி வெளியே வந்து மணிக்கட்டை மூடும், பழைய கை அங்கே பொருந்தாது.

கைக்கு வழிகாட்ட இரண்டு வகைக் கண்ட்ரோல்நெட் பொதுவாகப் பயன்படுகிறது. ஒன்று விரல் மூட்டுகளைப் புள்ளிகளாகக் காட்டுவது, ஒரு கைக்கு 21 புள்ளிகள். மற்றது கையின் டெப்த் மேப். முழுதாக வெளியே தெரியும் கைக்கு இரண்டுமே உதவும். பாக்கெட்டுக்குள் இருக்கும் கைக்கு முதல் வகை ஆபத்தானது. புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் கருவி மறைந்த விரல்களையும் ஊகித்து வைத்துவிடும். அந்தப் புள்ளிகள் துணிக்கு அடியில் இருக்கின்றன என்று சொல்ல அதில் இடமே இல்லை. மாடல் அவற்றை விசுவாசமாகத் துணிக்கு மேலே வரைந்துவிடும். நாலு விரல் முளைத்த பேன்ட் பிறப்பது பல நேரங்களில் இப்படித்தான். உடலின் எலும்புக்கூட்டை வழிகாட்டியாக வைத்துக்கொண்டாலும் பாக்கெட்டில் இருக்கும் கையின் விரல் புள்ளிகளை அழித்துவிடுங்கள், மணிக்கட்டோடு நிறுத்துங்கள்.

இந்த வழிக்கு இன்னொரு விலையும் உண்டு. வரும் கை அந்த ஆளுடைய கை அல்ல. மோதிரம், மச்சம், நகத்தின் வடிவம், தோலின் நிறம் எல்லாம் மாறும். மற்றக் கை அசலாக அருகிலேயே இருப்பதால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். எனவே அதே ஆள் கையைத் தொங்கவிட்டு நிற்கும் இன்னொரு படம் கிடைக்குமானால், இந்த வழிக்குப் பதிலாக நாலாவது வழியைத்தான் எடுப்பேன். ஒரே வெளிச்சத்தில் எடுத்த படத்திலிருந்து முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி வைப்பது. வெளிச்சம் வேறு திசையிலிருந்து வந்தால் மட்டும் அதைத் தொடாதீர்கள். அதைத் திருத்தும் நேரத்தில் இருபது தடவை வரையச் சொல்லிப் பொறுக்கிவிடலாம்.

பொருள் பிடித்திருக்கும் கை

இது எளிதான பகுதி. கையையும் போனையும் ஒரே பொருளாகப் பாவித்து மாஸ்க்குக்கு வெளியே ஒன்றாகக் காப்பாற்றுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள கோட்டை மாடல் தொடவே கூடாது. தொட்டால், போனைச் சுற்றிப் போய் மறையும் விரல்களை எண்ணிக்கை குறைவதாக நினைத்து நிரப்பப் பார்க்கும். போனைப் பிடித்த கையில் மூன்று விரல் மட்டும் தெரிவது இயல்பு.

சிக்கல் மெல்லிய பொருள்களில்தான். பையின் மெல்லிய கயிறு, ஹெட்போன் வயர், கையில் தொங்கும் கண்ணாடியின் கால். இவை மூன்று நாலு பிக்சல் அகலம்தான் இருக்கும், க்ராப் செய்து உயர்த்தினாலும் ஒரு கட்டம் தாண்டாது. இவற்றைக் காப்பாற்றி வரைய முயல்வதை விட, மாடலை வயர் இல்லாத பேன்ட்டையே வரையவிட்டு, அசல் வயரைப் பாத் டூலால் வெட்டி மேலே வைப்பது வேகமானது. போனின் நிழல் தொடையில் விழுந்திருந்தால் அது பழைய துணியோடு போய்விடும், அதையும் நீங்களே திரும்பப் போட வேண்டும்.

எதை எப்போது

நம் படத்துக்கு முடிவு இதுதான்: இரண்டு கையும் அசல், பாக்கெட் வாய்க்கு மட்டும் இரண்டாவது சுற்று. இதே ஆளுக்கு லெக்கிங்ஸ் போட வேண்டியிருந்தால் இடது கைக்கு வேறு படம் தேடுவேன், கிடைக்காவிட்டால்தான் வரையச் சொல்வேன். பேன்ட்டை விற்பதற்கான படம் என்றால் ஒரு கூடுதல் நிபந்தனை சேர்கிறது. மாடல் கற்பனை செய்த பாக்கெட் விற்கும் பேன்ட்டின் பாக்கெட் அல்ல. அங்கே கை பாக்கெட்டில் இல்லாத படத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. அது முடியாவிட்டால் உண்மையான பேன்ட்டைப் பார்த்து அதன் வாய்க்கோட்டைக் கிறுக்க வேண்டும். கட்டைவிரலை மட்டும் பாக்கெட்டிலோ பெல்ட் லூப்பிலோ மாட்டி நாலு விரலும் வெளியே தொங்கும் படங்கள் கிடைத்தால் அவை நடுத்தரம். மறைவது ஒரு விரல்தான், மற்றவை முழுதாக முன்னால் இருக்கின்றன.

முடித்ததும் சோதிக்க மூன்று பார்வை போதும். அசலை மேலே வைத்து லேயர் முறையை `Difference` ஆக்குங்கள். கை இருக்கும் இடம் முழுக் கறுப்பாக வர வேண்டும், ஓரத்தில் நீலத்தைக் குறைத்த இடம் மட்டும் லேசாகத் தெரியலாம். கையின் நடுவில் சாம்பல் தெரிந்தால் அங்கே மாடல் கைவைத்திருக்கிறது. பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும். மூன்றாவதாக, முன்கையின் கோட்டை ஒரு நேர்கோடாகப் பாக்கெட்டுக்குள் நீட்டுங்கள். துணியின் மேடு அந்தக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும், விலகியிருந்தால் அந்த மேடு வேறு யாருடைய கையோ.